பதினாலாவது பிரிவு

குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழுகிற சத்தத்தின் மறைவில் மருமகள் பத்திரத்தை வாய்விட்டு வாசித்துப் பார்த்தாள். நாலு பேர் எதிரே அவள் வாய் திறந்து நாளாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில்கூட வருகைப் பதிவில் பேர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாளே தவிர, 'உள்ளேன்' என்ற சொல் உதட்டைத் தாண்டாது. இன்றைக்குப் பார்த்து, புதிதாகக் கடை எடுக்க வருகிறவர்களுக்கு ஒப்பந்தத்தை விளக்குகிற வேலை அவள் தலையில் வந்து விடிந்திருந்தது.

விளக்க வேண்டியவர் மாமனார். கீழே வரிசையாக ஐந்து கடை, மேலே வீடு, எல்லாம் அவருடையது. தொண்டையில் அறுவை செய்துகொண்டு வீடு திரும்பியிருந்தார். ஒரு மாதம் பேச்சே கூடாது, பேசினால் மறுபடியும் கத்திதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊரையே கூப்பிட்டுப் பேசுகிற மனிதர், இப்போது பேத்தியின் வெள்ளைப் பலகையையும் மார்க்கரையும் மடியில் வைத்துக்கொண்டு, குழந்தை பாடம் எழுதுகிற மாதிரி எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார்.

கீழ்க்கடைக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் வாத்தியார். காரணம் இருந்தது. யார் கடை எடுக்க வந்தாலும் பத்திரத்தைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற ஆள் இல்லை அவர். ஒவ்வொரு நிபந்தனையாகச் சொல்வார். சொன்னதை வந்தவர்கள் தங்கள் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் மேஜையில் விரல் முட்டியால் ஒரு தட்டு. தப்பாகச் சொன்னால் இரண்டு தட்டு, மறுபடியும் முதலிலிருந்து. முன்னொரு காலத்தில் ஒரு செருப்புக்கடைக்காரர் காலி செய்யும்போது, சுவர் பூசுகிற செலவை டெபாசிட்டில் பிடிப்பீர்கள் என்று யாருமே சொல்லவில்லையே என்று தெருவில் நின்று சத்தம் போட்டதிலிருந்து வந்த பழக்கம் இது. தையல்காரர் மூன்று முறை பெயிலாகி நாலாவது முறை பாஸ் ஆனார் என்று மருந்துக்கடையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த ஒப்பிப்புகளுக்கெல்லாம் டீ கொண்டுவந்து வைத்தவள் மருமகள். கதவோரம் நின்று கேட்டுக் கேட்டு, அவளுக்கே எல்லாம் மனப்பாடம். அதனால்தான் வித்தியாசம் உடனே பிடிபட்டது. கையில் இருந்தது புதுப் பத்திரம். அவள் கணவன் ஒரு வக்கீல் ஆபீசில் புதிதாக அடித்து வாங்கி வந்தது. அதில் ஐந்தாவது பிரிவு அவள் காதில் பதிந்திருந்த மாதிரி இல்லை. பதினாலாவது பிரிவோ, பழைய பத்திரத்தில் கிடையவே கிடையாது.

தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தவளைக் கணவன் படுக்கையறையில் நிறுத்தினான்.

"வாசிச்சுப் பாத்தியா?"

"பாத்தேங்க. பதினாலாவது..."

"தெரியும். அதை வாசிக்கிறப்ப கொஞ்சம் வேகமாப் போயிடு. அப்பா மாதிரி பாடம் எடுக்காத."

"மாமாவுக்குத் தெரியுமா?"

அவன் கதவைத் தள்ளிச் சாத்தினான். "ஆஸ்பத்திரி பில்லு எங்கேருந்து வந்துச்சுன்னு அப்பாவுக்குத் தெரியுமா? இன்ஷூரன்ஸ்ல வந்துச்சுன்னு நெனச்சுட்டு உக்காந்திருக்காரு. வந்தது கால்வாசி. மீதிக்கு நான் எங்க போனேன்னு உனக்குத் தெரியும்ல?"

தெரியும். தெருமுனையில் பெரிய கட்டடம் கட்டுகிறவர் இந்த இடத்தை வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அறுவைக்கு முந்தின நாள் அவரிடம் அட்வான்ஸ் வாங்கினான். ஒன்றரை வருஷத்துக்குள் கடைகளைக் காலி செய்து கொடுப்பதாகவும், அப்பாவைச் சம்மதிக்க வைப்பதாகவும் எழுதிக் கொடுத்திருந்தான். மற்ற நாலு கடைகளின் ஒப்பந்தமும் அதற்குள் முடிந்துவிடும். புதிதாக வருகிற கடை மட்டும் மூன்று வருஷம் அசையாது என்றால் எல்லாம் போச்சு.

"அப்புறம் எதுக்குங்க இப்ப கடைய விடணும்? சும்மா பூட்டி வெக்கலாமே."

"ஏன் ஆள் வைக்கலன்னு அப்பா கேப்பாரே, என்ன சொல்றது? வாசி. அவங்களும் கையெழுத்துப் போடுவாங்க. படிக்காமப் போட்டா அது அவங்க பொறுப்பு. பொய் சொல்லச் சொல்லல உன்னை. எழுதியிருக்கிறதைத்தான் வாசிக்கச் சொல்றேன்."

பொய் இல்லைதான். அதுதான் அவளை இன்னும் குழப்பியது.

அவர்கள் சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார்கள். பெரிய விடுதி ஒன்றின் சலவைப் பிரிவில் பல வருஷம் மேற்பார்வை பார்த்த ஓர் அக்கா. சொந்தமாகச் சலவைக்கடை வைக்க வேலையை விட்டவர். கூடவே அவருடைய தம்பி. மெஷின் மெக்கானிக். உட்காரும் முன்பே தம்பி சுவரில் ஈரம் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தான்.

"டேய், இது மேல் வீடு. கடை கீழ," என்றார் அக்கா.

"மேல ஒழுகினா கீழதானே வரும்."

மாமனார் சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பலகையில் 'ஒழுகாது' என்று எழுதிக் காட்டிவிட்டு, மருமகளைப் பார்த்து ஆரம்பி என்று தலையசைத்தார். கணவன் ஜன்னலோரம் போனும் கையுமாக நின்றுகொண்டான்.

மருமகள் உட்கார்ந்தாள். ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். "முதல்ல... டெபாசிட்," என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

"கொஞ்சம் சத்தமா சொல்லும்மா," என்றார் அக்கா. "மெஷின் சத்தத்துலயே இருந்து காது எனக்குக் கொஞ்சம் மந்தம்."

அது உதவியாக இருந்தது. காது மந்தமானவருக்காகச் சத்தமாகப் பேசுவது, கூச்சப்படாமல் பேசுவதைவிடச் சுலபம்.

"ஆறு மாச வாடகை டெபாசிட்டா எங்ககிட்ட இருக்கும்க்கா. அதுக்கு வட்டி கிடையாது. நீங்க காலி பண்ணிச் சாவி குடுக்கிற அன்னைக்கு, வாடகை பாக்கி, கரண்ட் பாக்கி, கடையில ஏதாவது உடைஞ்சிருந்தா அந்தச் செலவு, இதெல்லாம் போக மிச்சத்தைத் திருப்பித் தருவோம். புழங்கினதால மங்கிப்போறது, தேய்ஞ்சுபோறதுக்கெல்லாம் பிடிக்க மாட்டோம். தரையில மெஷினுக்காக போல்ட் அடிச்ச ஓட்டையை மட்டும் நீங்க அடைச்சுக் குடுக்கணும். இப்ப... உங்களுக்குப் புரிஞ்சதை நீங்க சொல்லணும்."

"பரீட்சையா?" என்றான் தம்பி.

"பரீட்சைதான். கீழ தையல்காரர் சொன்னாருடா, மறந்துட்டியா?" அக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆறு மாச வாடகை ஐயாகிட்ட இருக்கும். வட்டி இல்ல. நான் ஒண்ணும் உடைக்கலன்னா முழுசா திரும்பி வரும். போறதுக்கு முன்னாடி ஆறு மாசம் வாடகை குடுக்காம அதுலயே கழிச்சுக்கலாம்."

டொக், டொக்.

"கழிக்கக் கூடாதுக்கா," என்றாள் மருமகள். "கடைசி மாசம் வரைக்கும் வாடகை தனியா வரணும். எல்லாத்தையும் வாடகையில கழிச்சுட்டா, அப்புறம் ஷட்டர் உடைஞ்சிருந்தா எதுல பிடிக்கிறது?"

"எல்லாரும் அப்படித்தானே கழிக்கிறாங்க?"

"அதனாலதான் எல்லாரும் சண்டை போடுறாங்க," என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டாள். மாமனார் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். அக்கா திருத்திச் சொன்னார். ஒரு தட்டு விழுந்தது.

அடுத்தது ஐந்தாவது பிரிவாக இருந்திருக்க வேண்டும். அவள் பக்கத்தைப் புரட்டிப் புதுப்பித்தலுக்குத் தாவினாள். ஜன்னலோரம் கணவன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் போனில் குனிந்தான்.

"ஒப்பந்தம் மொத்தம் ஆறு வருஷம். வருஷா வருஷம் வாடகை நூத்துக்கு அஞ்சு ஏறும். ஆறு வருஷம் முடிஞ்சும் தொடரணும்னா, முடியறதுக்கு மூணு மாசம் முன்னாடி எழுத்துல கேக்கணும். நாங்க சம்மதிச்சா புதுசா பத்திரம் போடுவோம். அப்ப வாடகை பதினஞ்சு சதவீதத்துக்கு மேல ஏத்த மாட்டோம்."

"ஆறு வருஷம் முடிஞ்சா, நான் பாட்டுக்கு வாடகை குடுத்துட்டே இருந்தா அது பாட்டுக்கு நீண்டுக்கும்," என்றார் அக்கா.

டொக், டொக்.

"அக்கா, நீ பெயிலு," என்றான் தம்பி. "வீட்டுல எனக்குத் தர்ற மார்க்கு இங்க உனக்கு."

"சும்மா இருடா. ஏம்மா, வாடகை வாங்கிக்கிட்டா இருக்கலாம்னுதானே அர்த்தம்?"

"இருக்கலாம்னு நீங்க நினைப்பீங்க. ஆனா கையில பேப்பர் இருக்காது. எப்ப வேணா போகச் சொல்லலாம். கேக்கணும்க்கா. எழுதிக் கேக்கணும், வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்தும் வாங்கி வெச்சுக்கணும். அப்பவும் நாங்க முடியாதுன்னு சொல்லலாம். அது உங்க உரிமை இல்ல, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான்."

அக்காவின் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் தலையாட்டினார். "நல்லது. முன்னாடியே தெரிஞ்சா மனசைத் தயார் பண்ணிக்கலாம்." திருப்பிச் சொன்னார். ஒரு தட்டு.

மின்சார இணைப்பை யார் கூட்டுவது, கழிவுநீர்க் குழாயை எந்தப் பக்கம் இறக்குவது, வேலை நடக்கிற முதல் மாதத்துக்கு வாடகை இல்லை என்பது, உள்வாடகைக்கு விடக் கூடாது என்பது எல்லாம் சுருக்கமாக முடிந்தன. குழாய் விஷயத்தில் தம்பி எழுந்து நின்று கையாலேயே சரிவு காட்டினான். தள்ளிப்போட இனி எதுவும் மிச்சமில்லை.

"அஞ்சாவது, லாக்-இன்," என்றாள். எழுதியிருந்ததை அப்படியே வாசித்தாள். "ஒப்பந்தக் காலத்தின் முதல் மூன்று ஆண்டுகளில் வாடகைதாரர் கடையைக் காலி செய்ய இயலாது. அவ்வாறு காலி செய்தால் அம்மூன்று ஆண்டுகளில் மீதமுள்ள மாதங்களின் வாடகையைச் செலுத்தக் கடமைப்பட்டவர்."

"தமிழ்ல சொல்லும்மா."

"மூணு வருஷத்துக்கு நீங்க போக முடியாது. ரெண்டாவது வருஷத்துல வியாபாரம் ஓடலன்னு மூடினாலும், மூணு வருஷம் வரைக்குமான வாடகையைக் குடுத்துத்தான் ஆகணும். அதுக்கப்புறம் போறதுன்னா மூணு மாசம் முன்னாடி சொன்னாப் போதும்."

இத்தனை நாளும் இந்த இடத்தில் மாமனார் சொல்கிற அடுத்த வாக்கியம் அவள் காதில் தானாகவே ஒலித்தது: 'அதே மாதிரி மூணு வருஷத்துக்கு நானும் உன்னை எழுப்ப மாட்டேன்.' அவள் அதைச் சொல்லவில்லை. எழுதியிருக்கவில்லையே.

அக்கா ஒவ்வொரு விரலாக மடக்கினார். பிறகு நிதானமாகச் சொன்னார். "மூணு வருஷம் நான் போக முடியாது. போனா வாடகை தண்டம். நீங்களும் மூணு வருஷத்துக்கு என்னைப் போன்னு சொல்ல முடியாது. ரெண்டு பக்கமும் பூட்டு. சரிதானே?"

டொக்.

மாமனார் திருப்தியாக நாற்காலியில் சாய்ந்தார். அவர் கேட்டது தன்னுடைய பழைய பத்திரத்தை.

"அப்பாடா," என்றார் அக்கா. "எனக்கு இதுதான்மா கவலையா இருந்துச்சு. ரெண்டு மெஷினும் கடன்ல எடுக்கிறேன். கடனும் மூணு வருஷம். நடுவுல எழுப்பிட்டா அந்த இரும்பைத் தூக்கிட்டு நான் எங்க போவேன்? விக்கப் போனா பாதி விலைக்குக்கூட எடுக்க மாட்டான். நாங்க இருக்கிற வீட்டு மேலதான் கடன்." பையைத் திறந்து பேனாவை எடுத்தார்.

கணவன் போனைச் சட்டைப்பையில் போட்டான். "அப்ப கையெழுத்துப் போட்டுடலாம்க்கா. கடைசிப் பக்கத்துல."

மருமகள் பத்திரத்தின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. கை எடுத்தால் முடிந்தது. ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை அவள். அந்த அம்மா தானாகச் சொன்னது, மாமனார் தானாகத் தட்டியது. ஒன்றரை வருஷம் முடிவதற்குள் பதினாலாவதின்படி மூன்று மாத நோட்டீஸ் போகும்போது தம்பி மெஷினின் போல்டுகளைக் கழற்றுவான். அன்றைக்கும் டீ கொண்டுபோய் வைப்பவள் அவள்தான். அந்த அம்மா டீயைக் குடிக்காமல் தன்னைப் பார்ப்பது கண்முன் வந்தது. இந்தப் பக்கம் கணவன். ஆஸ்பத்திரி வராந்தாவில் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தவன். அவனை இத்தனை பேர் எதிரே எப்படிக் காட்டிக்கொடுப்பது?

வாய் வரவில்லை. விரல் மடங்கியது. டொக், டொக்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மாமனார் புருவத்தை நெரித்து, அழுத்தமாக ஒரு தட்டு தட்டினார்.

அவள் மறுபடியும் இரண்டு தட்டினாள். "மாமா, நீங்க சொல்றது பழைய பத்திரம்," என்றாள். "இது வேற. இதுல அக்காவுக்கு மட்டும்தான் பூட்டு. பதினாலாவது வாசிக்கிறேன்."

"ஏய்," என்றான் கணவன், தணிந்த குரலில்.

அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் நின்றுபோகும் என்று தெரியும். "உரிமையாளர் தம் தேவையை முன்னிட்டு, எக்காலத்திலும், மூன்று மாத எழுத்துபூர்வ முன்னறிவிப்பின் பேரில் இவ்வொப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்." வாசித்து முடித்ததும், யாரும் கேட்காமலே தமிழில் சொன்னாள். "நாங்க எப்ப வேணா மூணு மாசம் டைம் குடுத்து உங்களைக் காலி பண்ணச் சொல்லலாம்க்கா. முதல் மூணு வருஷத்துலயும்."

பேனா அக்காவின் கையில் அப்படியே நின்றது.

"அது எல்லாப் பத்திரத்துலயும் வழக்கமா போடுற வரிதான்," என்றான் கணவன். "சும்மா ஒரு பேச்சுக்கு இருக்கும்."

"சும்மா இருக்கிற வரின்னா அடிச்சுட்டாலும் ஒண்ணும் குறையாதே சார்," என்றான் தம்பி. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது விளையாட்டு இல்லை.

மாமனார் கை நீட்டினார். மருமகள் பத்திரத்தைக் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடியை மேலேற்றி ஐந்தைப் படித்தார், பதினாலைப் படித்தார், மறுபடியும் ஐந்தைப் படித்தார். பலகையில் எழுதி மகன் பக்கம் திருப்பினார். 'விற்கப் பேசினாயா?'

"அப்பா, வெளி ஆளுங்க இருக்காங்க. அப்புறம் பேசலாம்."

பெரியவர் பலகையை இறக்கவில்லை. மகன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அந்தப் பார்வையே பதிலாகப் போதுமானதாக இருந்தது.

அக்கா பேனாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். "நாங்க கிளம்புறோம் ஐயா. குடும்ப விஷயம். நடுவுல நாங்க எதுக்கு?"

மாமனார் பதறிக் கையமர்த்தினார். உட்காருங்கள், உட்காருங்கள் என்று இரண்டு கையாலும் காட்டினார். பேனாவை எடுத்துப் பதினாலாவது பிரிவின் குறுக்கே கோடு போட்டார். ஐந்தாவதின் ஓரத்தில், நுணுக்கி நுணுக்கி எழுதி மருமகளிடம் தள்ளினார். அவள் வாசித்தாள். "முதல் மூன்று ஆண்டுகள் இரு தரப்பையும் கட்டும். வாடகை இரண்டு மாதம் தொடர்ந்து பாக்கி விழுந்தாலன்றி உரிமையாளர் காலி செய்யச் சொல்லக் கூடாது. கட்டடம் கைமாறினால் வாங்குபவரும் இதற்குக் கட்டுப்பட்டவர்."

அக்கா நின்றபடியே கேட்டார். "தப்பா நினைக்காதீங்க ஐயா. நீங்க எழுதித் தர்றீங்க. உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா? அறுவை பண்ணிட்டு உக்காந்திருக்கீங்க. நாளைக்கு நான் யார்கிட்டப் போய் நிப்பேன்?"

முகத்துக்கு நேரே கேட்ட கேள்வி. மாமனார் கோபப்படுவார் என்று மருமகள் பயந்தாள். அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். நீயே சொல்லு.

"முதல் பக்கத்துல இருக்குக்கா. உரிமையாளர்னா மாமா மட்டும் இல்ல, அவரோட வாரிசுங்களும்னு. பத்திரத்தைப் பதிவு பண்ணிட்டா, வாங்க வர்றவர் இப்படி ஒரு கடை இருக்கிறது எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. பதிவு பண்ணாம விட்டுடாதீங்க. செலவுன்னு பாக்காதீங்க."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கணவன் பக்கம் திரும்பினார். "கோடு போட்டுக் கிறுக்கின பேப்பர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன் தம்பி. சுத்தமா அடிச்சுக் கொண்டாங்க. சாயங்காலம் வர்றேன். சாட்சி போடுற இடத்துல உங்க கையெழுத்து இருக்கணும். இருந்தா கடை எடுக்கிறேன். இல்லன்னா மனஸ்தாபம் ஒண்ணும் இல்ல, வேற இடம் பாத்துக்கிறேன்."

படியிறங்கும்போது தம்பி சொல்வது மேலே கேட்டது. "அக்கா, நீ பாஸு." பதிலுக்கு அக்கா ஏதோ அதட்டினார்.

அவர்கள் போனபின் மாமனார் பலகையைத் துடைத்து எழுதினார். 'ஏன்?'

கணவன் மேஜையில் கிடந்த பக்கங்களை அடுக்கிச் சரிசெய்தான். மருமகளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதையும் தானே சொல்ல வேண்டியிருக்குமோ என்று நினைத்தாள். சொல்லக் கூடாது என்றும் நினைத்தாள். இது அவனுடையது. டீ டம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள். ஒன்றோடு ஒன்று மோதிக் கிணுகிணுத்தன.

"இன்ஷூரன்ஸ்ல கால்வாசிதான் வந்துச்சுப்பா," என்றான் கடைசியில்.

பெரியவரின் கை தானாகத் தொண்டைக் கட்டுக்குப் போனது. எதையோ எழுத ஆரம்பித்து, அழித்து, மறுபடியும் ஆரம்பித்து, மார்க்கர் மூடியைப் போட்டு வைத்துவிட்டார். மகனை உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார். அவன் உட்காரவில்லை. அவர் மருமகளைப் பார்த்துப் பத்திரத்தைக் காட்டி, வாசலைக் காட்டினார். போய் அடித்து வா.

தட்டச்சுக் கடை தெருவின் மறுகோடியில் இருந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பாதி தெரு போனபின் பின்னால் பைக் சத்தம் கேட்டது. அவன்தான். ஏறு என்று சொல்லவில்லை. அவள் நடை வேகத்துக்கே வண்டியை உருட்டிக்கொண்டு கூட வந்தான்.

"அட்வான்ஸை எப்படித் திருப்புறதுன்னு யோசிச்சியா நீ?"

"இல்லைங்க."

"யோசிக்காமதான் வாசிச்சியா?"

"யோசிச்சிருந்தா வாசிச்சிருக்க மாட்டேன்."

அவன் மூச்சு விட்டான். கோபமா வேறெதுவுமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "இன்னைக்கு வர்ற டெபாசிட்டைக் குடுத்தா பாதி அடைஞ்சுடும்," என்றான்.

"அது அவங்க பணம்ங்க. போற அன்னைக்கு எடுத்து வைக்கணும்."

"அதுவும் தெரியும். வாத்தியார் மருமக," என்றான். சிரிப்பில்லாமல் சொன்னான்.

கடையில் கூட்டமில்லை. தட்டச்சு செய்கிற பெண் கணவன் போனிலிருந்து அனுப்பிய கோப்பைத் திரையில் திறந்து, மாமனாரின் கையெழுத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்து எழுத்துக் கூட்டினாள். கணவனின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான், யார் என்று சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. அவன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.

"பதினாலை எடுத்துடவா?" என்றாள் தட்டச்சுப் பெண்.

"எடுத்துடுங்க."

"எடுத்தா பின்னாடி வர்ற நம்பர் எல்லாம் மாறும். வாடகை கட்டுற தேதியில 'பிரிவு பதினாறின்படி'ன்னு ஒண்ணு இருக்கு, அதையும் மாத்தணும்."

"எல்லாத்தையும் பாத்து மாத்துங்க. நான் இருக்கேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவன் ஒரு கையால் போனைப் பிடித்து, மறு கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கெஞ்சுகிறானா, தவணை கேட்கிறானா, இல்லை, ஒன்றும் மாறவில்லை, ஆகவேண்டியதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிறானா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றாள். அவன் திரும்பி முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

இரண்டு பிரதிகள் சூடாக வந்து விழுந்தன. "சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க," என்றாள் அந்தப் பெண்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்தாவது பிரிவில் விரலை வைத்தாள். குழாய்ச் சத்தம் எதுவும் துணைக்கு இல்லாமல், பக்கத்தில் ஆள் இருக்கும்போதே, வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தாள். கடைசிப் பக்கத்தில் சாட்சிக்கென்று இரண்டு வரிகள் வெறுமையாக இருந்தன. கதவுக்கு வெளியே அவன் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தான்.